‘வேண்டாம்’ என்றால் ‘கூடாது’ என்று அர்த்தமா?

‘மஸ்ட்’ என்றால் ‘வேண்டும்’. சரி, அப்படியானால் ‘மஸ்ட் நாட்’ என்றால் என்ன? பதில் சொல்லும் முன் ரெண்டு செகண்ட் யோசித்துப் பாருங்கள்.

‘வேண்டாம்’ என்று உங்கள் வாயில் வந்திருந்தால், நீங்களும் என்னைப் போல இங்கிலீஷ் மீடியம் ஆளாக இருக்கலாம். எங்கள் ஸ்கூல் கிராமர் நோட்டில் மஸ்ட், கேன், மே எல்லாம் ஒரே டேபிளில் வரிசையாக நிற்கும். பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுதிக்கொள்வோம்: வேண்டும், முடியும், லாம். பாசிட்டிவ் வாக்கியம் வரைக்கும் அந்த டேபிள் நன்றாகவே வேலை செய்யும். ‘இல்லை’ உள்ளே வந்ததும்தான் பிரச்சினை ஆரம்பிக்கும்.

போன செமஸ்டரில் முதல் வருட ஜூனியர்களுக்காக ஒர்க்‌ஷாப் பாதுகாப்புத் தாளைத் தமிழில் போடலாம் என்று நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். லேத் பகுதியில் இரண்டு வாக்கியங்கள். ஒன்று, லேத் ஓடும்போது கையுறை ‘மஸ்ட் நாட்’ அணிய. இன்னொன்று, வார்ப்பிரும்பைக் கடையும்போது கூலன்ட் ‘நீட் நாட்’ ஊற்ற. நண்பன் ஒருவன் முதல் டிராஃப்டை எழுதினான்: “கையுறை அணிய வேண்டாம்.” “கூலன்ட் ஊற்ற வேண்டாம்.” படிக்கும்போது இரண்டுமே நல்ல தமிழ்தான். ஆனால் தாளைப் பார்த்த ஒரு ஜூனியர் கேட்டாள்: “அக்கா, கையுறை தேவையில்லைன்னுதானே போட்டிருக்கு? கை வழுக்குச்சுன்னா போட்டுக்கலாம்ல?”

அவள் கேள்வியில் தப்பே இல்லை. “நாளைக்கு நீ வர வேண்டாம்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் சொன்னால், வராதே என்று அர்த்தம். அக்கறையாகச் சொன்னால், நீ சிரமப்பட வேண்டியதில்லை, வந்தாலும் சந்தோஷம் என்று அர்த்தம். பேச்சில் முகமும் குரலும் வேறுபாட்டைக் காட்டிவிடும். சுவரில் ஒட்டிய தாளுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. வார்ப்பிரும்புக்குக் கூலன்ட் ஊற்றினால் பெரும்பாலும் லேத்தில் சேறு மாதிரி கரி அப்பும், துடைக்கிற வேலைதான் மிச்சம். ஆனால் சுழலும் சக்கில் கையுறையின் நுனி சிக்கினால், கையையும் சேர்த்து இழுத்துவிடும். இந்த இரண்டையும் ஒரே ‘வேண்டாம்’ சொன்னால் எப்படி?

நமக்குப் பழக்கமான மொழியில் சொன்னால், இது நாட் கேட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி. ‘மஸ்ட் நாட்’டில் நாட் கேட் உள்ளே இருக்கிறது: அணியாமல் இருப்பது கட்டாயம். ‘நீட் நாட்’டில் அது வெளியே இருக்கிறது: ஊற்றுவது கட்டாயம் இல்லை. முதலாவது தடை, இரண்டாவது விடுதலை. ‘வேண்டாம்’ என்ற சொல் நாட் கேட் எங்கே இருக்கிறது என்று காட்டுவதில்லை.

காட்டும் சொற்கள் தமிழில் தயாராகவே இருக்கின்றன. ‘செய்ய’, ‘போக’, ‘அணிய’ போன்ற வடிவத்தைத் தமிழ் இலக்கணம் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்கிறது. நான், நீ, அவர்கள் என்று யார் செய்தாலும் இது மாறாது. மாறுவது பின்னால் வரும் வால்தான். வாலை மாற்றிப் பாருங்கள்: ‘அணிய வேண்டும்’, பேச்சில் ‘அணியணும்’, கட்டாயம். ‘அணியக் கூடாது’, தடை. ‘அணிய வேண்டியதில்லை’, பேச்சில் ‘அணியத் தேவையில்ல’, கட்டாயம் இல்லை. ‘அணியாமல் இருக்க வேண்டும்’ என்றால் நாட் கேட் உள்ளே இருப்பது கண்ணாலேயே தெரியும். கொஞ்சம் நீளம், ஆனால் சந்தேகமே வராது.

எந்த வால் என்று குழப்பம் வந்தால் ஒரு சின்ன டெஸ்ட் இருக்கிறது. வாக்கியத்துக்குப் பின்னால் “அப்படியும் செய்தால் தப்பா?” என்று கேளுங்கள். “கையுறை அணியக் கூடாது. அணிந்தால் தப்பா?” தப்பு. “கூலன்ட் ஊற்ற வேண்டியதில்லை. ஊற்றினால் தப்பா?” தப்பில்லை, வீண் வேலை. “கையுறை அணிய வேண்டாம். அணிந்தால் தப்பா?” இங்கே பதில் தடுமாறுகிறதா? அப்படியானால் அந்த வாக்கியம் சுவரில் ஒட்டத் தயாராக இல்லை.

‘மே நாட்’ இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் இங்கே தடுமாறுவது இங்கிலீஷ். அதே தாளில், ஸ்விட்சை அணைத்ததும் ஸ்பிண்டில் உடனே ‘மே நாட்’ நிற்க என்று ஒரு வரி. இன்னொரு வரியில், அனுமதி இல்லாதவர்கள் உள்ளே ‘மே நாட்’ வர. முதலாவது சாத்தியம்: நிற்காமல் போகலாம். இரண்டாவது அனுமதி மறுப்பு: வரக் கூடாது. தமிழில் இந்த இரண்டையும் ஒரே வாக்கிய அமைப்பில் எழுத வழியே இல்லை. ‘நிற்காமல் இருக்கலாம்’ என்பதில் நாட் கேட் உள்ளே. ‘வரக் கூடாது’ என்பதில் ‘வரலாம்’ மொத்தமும் ரத்து.

நெட்வொர்க்ஸ் பேப்பர் எடுத்தவர்களுக்கு RFC 2119 ஞாபகம் இருக்கும். இன்டர்நெட் நெறிமுறை ஆவணங்களில் மஸ்ட், ஷுட், மே ஆகியவற்றுக்கு என்ன அர்த்தம் என்று வரையறுக்க 1997-இல் ஸ்காட் பிராட்னர் எழுதியது. அதில் மஸ்ட் நாட் உண்டு, ஷுட் நாட் உண்டு. மே உண்டு, ஆனால் மே நாட் கிடையாது. இரண்டு அர்த்தம் தரும் சொல் இல்லாமலே அந்தப் பட்டியல் முழுமையாக வேலை செய்கிறது.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கலாம். ‘மஸ்ட் நாட்’டுக்கும் ‘கூடாது’, அனுமதி மறுக்கும் ‘மே நாட்’டுக்கும் ‘கூடாது’. தமிழும் இங்கே குழப்புகிறதா? இல்லை. டி மார்கன் விதியை நினைத்துப் பாருங்கள். ‘செய்ய அனுமதி இல்லை’ என்பதும் ‘செய்யாமல் இருப்பது கட்டாயம்’ என்பதும் ஒன்றேதான். நாட் கேட்டை வெளியிலிருந்து உள்ளே தள்ளினால், அனுமதி கட்டாயமாக மாறிவிடும். இங்கிலீஷ் இரண்டு வழியில் சொல்லும் ஒரே அர்த்தத்துக்குத் தமிழ் ஒரு சொல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருங்கள். ‘கூடாது’ என்பதைப் பார்த்து, அதன் பாசிட்டிவ் ‘கூடும்’, ஆகவே ‘கூடும்’ என்றால் அனுமதி என்று நினைத்துவிட வேண்டாம். “ஜாப் தெறிக்கக் கூடும்” என்றால் தெறிக்க வாய்ப்பிருக்கிறது என்ற எச்சரிக்கை. “ஜாப் தெறிக்கக் கூடாது” என்றால் தெறிக்காதபடி இறுக்கிப் பிடி என்ற கட்டளை. ‘தெறிக்க வாய்ப்பில்லை’ என்பது அதன் அர்த்தம் அல்ல. பார்க்க ஒரே வினையின் இரண்டு பக்கம் போல இருந்தாலும் ஒன்று சாத்தியத்தைச் சொல்கிறது, மற்றது தடையை.

போன பத்தியில் நான் எழுதிய ‘நினைத்துவிட வேண்டாம்’ என்பதைக் கவனித்தீர்களா? அங்கே அது சரிதான். நண்பரிடம் நயமாகக் கேட்டுக்கொள்ள அதைவிட நல்ல வால் தமிழில் இல்லை, கேட்காமல் விட்டாலும் யாருக்கும் விரல் போகாது. லேத் பக்கத்தில் ஒட்டிய தாளில் இப்போது இப்படி இருக்கிறது: “லேத் ஓடும்போது கையுறை அணியக் கூடாது. வார்ப்பிரும்புக்குக் கூலன்ட் ஊற்ற வேண்டியதில்லை. அணைத்த பிறகும் ஸ்பிண்டில் உடனே நிற்காமல் இருக்கலாம்.”