துளையிட்ட ரொட்டியும் முட்டையும்: ஒரே சட்டியில் இரண்டு கணக்கு



ரொட்டித் துண்டின் நடுவில் வட்டமாகத் துளையிட்டு, அத்துளைக்குள் முட்டையை ஊற்றிச் சட்டியில் சுட்டெடுக்கும் பசியாறலை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். ஆங்கிலேயர், அமெரிக்கர் இல்லங்களில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வரும் எளிய உணவு இது. 1987ஆம் ஆண்டு வெளிவந்த 'மூன்ஸ்டிரக்' என்னும் ஆங்கிலப் படத்தில் ஒரு தாய் தன் மகளுக்கு இதனைச் செய்து கொடுக்கும் காட்சி உண்டு.

நானும் அண்மையில் என் மகளுக்கு இதனைக் கற்றுக் கொடுத்தேன். அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தோழியர் மூவருடன் வாடகை வீட்டில் தங்கவிருந்தாள். அவ்வீட்டில் இருப்பது ஓர் அடுப்பும் ஒரு சட்டியும்தான். காலை எட்டு மணி வகுப்புக்குப் பசியாறாமலே ஓடிவிடுவாள் என்பதே என் கவலை. ஐந்து நிமிடத்தில் முடிகின்ற, ஒரே சட்டியில் அடங்குகின்ற உணவு அவளுக்குத் தேவைப்பட்டது. தானாகவே இரண்டு நாள் முயன்று பார்த்தவள், மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "ரொட்டி சரியா வந்தா முட்டை வேகல. முட்டை வெந்தா ரொட்டி கருகிடுது. ரெண்டும் எப்படிம்மா ஒன்னா வரும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கான விடையையே இங்கு எழுதுகிறேன்.

ரொட்டிக்கும் முட்டைக்கும் வேண்டிய வெப்பம் வேறு வேறு. வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 பாகை செல்சியசில் கெட்டியாகத் தொடங்கி, 80 பாகையில் முழுமையாக இறுகிவிடும். மஞ்சள் கரு 65 பாகையில் தடிக்கத் தொடங்கி, 70 பாகையில் இறுகும். ரொட்டியோ பொன்னிறமாகச் சிவக்க வேண்டுமாயின், அதன் மேற்பரப்பு 140 பாகையைத் தாண்ட வேண்டும். அதற்கும் முன்னதாக, அம்மேற்பரப்பில் உள்ள ஈரம் ஆவியாகிப் போக வேண்டும். ஆகவே, முட்டைக்குக் குறைந்த வெப்பமே போதும். ஆயினும், வெப்பம் அடியிலிருந்து மட்டுமே ஏறுவதால் மேற்பகுதி வேக நேரம் பிடிக்கும். ரொட்டிக்கு மிகுந்த வெப்பம் வேண்டும். ஆயினும், சட்டியைத் தொடும் மெல்லிய பரப்பு மட்டும் சூடேறினால் போதும். தீயைக் கூட்டினால் ரொட்டி முந்திக்கொள்ளும். முட்டையின் மேற்பகுதி வழுவழுவென்று பச்சையாகவே நிற்கும். மகளுக்கு நேர்ந்தது இதுவே.

இதற்குரிய வழி, ரொட்டியின் இரண்டு பக்கங்களையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்வது. முதல் பக்கத்தை முட்டையில்லாமலே சுட்டு முடித்துவிட வேண்டும். பிறகு ரொட்டியைத் திருப்பிப் போட்டு, அப்போதுதான் முட்டையை ஊற்ற வேண்டும். இனி மிஞ்சியிருப்பது ரொட்டியின் ஒரு பக்கமும் முட்டையும் மட்டுமே. தீயைத் தணித்தால் ரொட்டி சிவக்கும் நேரம் நீளும். அது முட்டை வேகும் நேரத்தோடு ஒத்துவரும்.

துளையின் அளவையும் கவனிக்க வேண்டும். கணிதம் கற்பிப்போர்க்கு இது சுவையாக இருக்கும். ஓடு நீங்கிய ஒரு முட்டை ஏறத்தாழ 50 மில்லிலீட்டர் இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் தடிப்புள்ள ரொட்டியில் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையிட்டால், அது 29 மில்லிலீட்டரே கொள்ளும். மீதி வெள்ளைக்கரு ரொட்டியின்மேல் வழிந்து, வேகாமல் நிற்கும். விட்டத்தை 6 சென்டிமீட்டர் ஆக்கினால் துளை 42 மில்லிலீட்டர் கொள்ளும். எஞ்சியது சற்றே மேடாக நின்று மூடியின் ஆவியில் வெந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் கூடியதும் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காவதைக் கவனியுங்கள். துளையிட, அவ்வளவு வாயகலமுள்ள சிறிய கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து அழுத்தித் திருகினால் போதும்.

இனி, எங்கள் அடுப்பில் நாங்கள் கண்ட கணக்கைச் சொல்கிறேன். ஒட்டாத சட்டியை மிதமான தீயில் ஒரு நிமிடம் சூடாக்கி, ஒரு தேக்கரண்டி வெண்ணெய் இட்டோம். வெண்ணெய் நுரைத்து, நுரை அடங்கத் தொடங்கும்போது அதிலுள்ள நீர் வற்றிவிட்டது என்று பொருள். அப்போது ரொட்டியையும், வெட்டியெடுத்த வட்டத் துண்டையும் அருகருகே வைத்தோம். ஒன்றரை நிமிடத்தில் அடிப்பக்கம் பொன்னிறமாயிற்று. இரண்டையும் திருப்பிப் போட்டு, துளைக்குள் அரைத் தேக்கரண்டி வெண்ணெய் இட்டு, அது நுரைத்ததும் முன்பே கிண்ணத்தில் உடைத்து வைத்திருந்த முட்டையை மெல்லச் சரித்தோம். துளையின் ஓரத்தைத் தட்டைக் கரண்டியால் பத்து விநாடி மெதுவாக அழுத்திப் பிடித்தாள் மகள். பிறகு தீயைத் தணித்தோம். ஒரு நிமிடம் திறந்தபடியும், மேலும் ஒரு நிமிடம் மூடியிட்டும் வைத்தோம். முட்டை சட்டியில் இருந்தது இரண்டு நிமிடத்திற்குச் சற்றே கூடுதல். வட்டத் துண்டு அதற்கு முன்பே சிவந்துவிட்டதால், அதனை முதலில் எடுத்துவிட்டோம். மஞ்சள் கருவில் தோய்த்து உண்ண அதுவே ஏற்றது.

அழுத்திப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ரொட்டி சட்டியோடு படியாமல் வளைந்திருந்தால், வெள்ளைக்கரு அடியில் நழுவி ஓடிவிடும். அவ்வாறு ஓடினால் ரொட்டியின் அடிப்பக்கம் சிவக்காது; நனைந்துபோகும். சட்டி போதிய சூடின்றி இருந்தாலும் இப்படியே நேரும். ஊற்றியதும் சில விநாடிகளில் வெள்ளைக்கருவின் ஓரம் வெளுத்தால் சூடு சரி. கண்ணாடிபோலவே நின்றால் சூடு போதாது. ஊற்றியவுடன் படபடவென்று தெறித்து ஓரம் பழுப்பானால் சூடு மிகுதி. பழைய முட்டையின் வெள்ளைக்கரு நீர்த்திருக்கும் என்பதால் அதுவும் எளிதில் பரவும்.

மூடியை ஏன் தொடக்கத்திலேயே இடக்கூடாது என்று மகள் கேட்டாள். மூடிக்குள் எழும் ஆவி முட்டையின் மேற்பகுதியை வேகவைக்கும் என்பது உண்மை. ஆனால், அதே ஆவி முன்பே மொறுமொறுப்பாகச் சுட்ட பக்கத்தை நனைத்துவிடும். கடைசி ஒரு நிமிடம் மட்டும் மூடினால் முட்டை வேகும். ரொட்டியும் பெரிதாகத் தளராது. வெந்ததை அறிய, சட்டியை இலேசாக அசைத்துப் பார்க்கலாம். வெள்ளைக்கரு அசையாமல் மஞ்சள் கரு மட்டும் ததும்பினால் இறக்கிவிடலாம். மஞ்சள் கருவைச் சுற்றிக் கண்ணாடிபோன்ற வளையம் தெரிந்தால் இன்னும் அரை நிமிடம் வேண்டும்.

மஞ்சள் கரு இளகியிருக்கும் இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. வேகாத முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். சிறு குழந்தைகள், கருவுற்ற தாய்மார், முதியோர், நோயுற்றோர் ஆகியோர்க்கு முழுமையாக வேகவைப்பதே நன்று. அவர்களுக்காக மூடியைத் தவிர்த்து, வெள்ளைக்கரு பெரும்பாலும் இறுகியபின் முழுவதையும் ஒருமுறை திருப்பிப் போட்டு, மஞ்சள் கரு இறுகும்வரை சிறு தீயில் வைக்கலாம். முதலில் சுட்ட பக்கம் மீண்டும் சட்டியில் படும் என்பதால், இதற்கு முதல் பக்கத்தை ஒரு நிமிடம் மட்டும், வெளிர்நிறமாகச் சுட்டால் போதும்.

வாடகை வீட்டிலுள்ள சட்டி மெல்லிய தகடு என்றும், அங்கு ஒன்றரை நிமிடத்தில் ரொட்டி கருகுகிறது என்றும் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாள். நிமிடங்களை மறந்துவிட்டு நுரையையும் நிறத்தையும் பார்க்கும்படி கூறினேன். முதல் பக்கத்துக்கு ஐம்பது விநாடியும், முட்டை ஊற்றியபின் மிகச் சிறு தீயில் மூன்று நிமிடமும் அங்கு சரியாக வருகிறதாம். தோழியர்க்கும் சேர்த்து, காலையில் நான்கு ரொட்டி சுடுகிறாள்.