ஃபைனலுக்கு முன் நான்கு நிமிடம்

இறுதிப் போட்டிக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டும் வீடியோவை எழுத உட்கார்ந்தால், நான் முதலில் எழுதுவது கடைசி வரியைத்தான். அந்த வரி பிள்ளைகள் உடனே எழுந்து செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "ஜெயிச்சுட்டு வாங்க" என்பது வேலை இல்லை. ஜெயிப்பது அவர்கள் கையில் மட்டுமா இருக்கிறது? "எந்திரிங்க, லேசை இழுத்துக் கட்டுங்க, வார்ம்-அப்புக்கு ஓடுங்க" என்பது வேலை. நான்கு நிமிடம் ஏற்றிய சூடு போய் இறங்க ஓர் இடம் இல்லாவிட்டால், அது வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் டாய்லெட் எங்கே என்று கேட்பார்கள்.

நான் ராசிபுரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியன். எங்கள் ஆட்டம் பெண்கள் கபடி. குறுவட்டம், வருவாய் மாவட்டம் வரை நானும் கூடவே போவேன். மாநிலப் போட்டி வேறு மாவட்டத்தில் நடக்கும்; அதற்குப் பெண் பிள்ளைகளோடு எங்கள் பள்ளி மேடம்தான் போய்த் தங்குவார். நான் ஊரில் இருப்பேன். அதனால்தான் பேச்சு வீடியோவானது. நேரில் பேசுகிறவனுக்கு எதிரே முகங்கள் உண்டு. சொன்னது எடுபடவில்லை என்றால் அங்கேயே மாற்றிக்கொள்வான். வீடியோவில் அது முடியாது. ஆகவே ஒவ்வொரு வரியையும் எழுதி, நேரம் குறித்து, உரக்கப் படித்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

அளவு நான்கு நிமிடம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 சொல் வரும். வேகம் பிடித்தால் 120 வரும். எல்லாம் சேர்த்து 350 சொல்லுக்கு மேல் தாளில் இருக்கக் கூடாது. வேகம் ஏறுவதற்குச் சத்தம் ஏற வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான வீடியோக்களில் நான் பார்க்கும் பெரிய கோளாறு இதுதான்: முதல் பத்து நொடியிலேயே டிரம்ஸ், கத்தல், தீப்பொறி பறக்கும் எழுத்து. உச்சியிலேயே தொடங்கினால் அதற்கு மேல் எங்கே போவது? இரண்டாம் நிமிடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் ஏற்றுவது வாக்கியத்தின் நீளத்தை வைத்துத்தான். தொடக்கத்தில் ஒரு வாக்கியம் பத்துச் சொல் வரை போகலாம். நடுவில் ஆறு. கடைசி நிமிடத்தில் ஒன்றிரண்டு. காமிராவும் அப்படியே: முதலில் மைதானம் முழுக்கத் தெரியும் தூரம், பிறகு இடுப்பளவு, கடைசியில் முகம். இதில் ஒரு தொல்லை உண்டு. குரல் உயரும்போது போனுக்குக் கிட்டே நின்றால் மைக் பிளந்து கரகரக்கும்; அந்தக் கரகரப்பில் சொல் ஒன்றும் விளங்காது. அதனால் கடைசி நிமிடத்தின் குரலை ஒரு கை தூரம் தள்ளி நின்று தனியாகப் பதிவு செய்து, முகத்தின் மேல் ஒட்டுகிறேன். மைக் ஓட்டைக்கு மேலே ஒரு மெல்லிய கைக்குட்டை. காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலை ஆறு மணிக்கு எடுத்துவிடுவேன். எட்டு மணியானால் பக்கத்து விசைத்தறிகள் ஓட ஆரம்பித்துவிடும்.

போன மாநில ஃபைனலுக்கு எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தொடக்கம் இப்படி: ஆளில்லாத எங்கள் மண் கிரவுண்டு. குரல் மட்டும். "இது நம்ம கிரவுண்டு, கண்ணுங்களா. நீங்க ஊருக்குக் கிளம்பின அன்னைக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியல. நேத்து செமியில நீங்க ஆடுனத மேடம் போன்ல சொன்னாங்க." அடுத்து ஒரு லாரி கேபின், கண்ணாடிக்கு வெளியே ஓடும் சாலை. எங்கள் லெஃப்ட் கார்னர் பெண்ணின் அப்பா நாக்பூர் ரோட்டில் நிறுத்தி அனுப்பிய பதினைந்து நொடி: "பாப்பா, சாப்டுட்டு ஆடு. நான் சனிக்கிழமை வந்துருவேன்." அவ்வளவுதான்.

பெற்றோர் குரலை முதல் நிமிடத்துக்கு அப்பால் வைப்பதே இல்லை. உச்சத்தில் வைத்தால் வீடியோ நன்றாகத்தான் இருக்கும், பார்க்கிற பெரியவர்களுக்கு. பிள்ளை அழுதுவிடும். அழுத பிறகு மூச்சு மேலோட்டமாகிவிடும். மூச்சைக் கட்டிப் பாடிப் போக வேண்டிய ஆட்டத்தில் அது நேராகப் பாயிண்டில் தெரியும். தொடக்கத்தில் வந்தால் ஒரு சிரிப்போடு கடந்துவிடுவார்கள். இதே காரணத்துக்காக, குடும்பக் கஷ்டத்தைப் பேசச் சொல்லி எந்தப் பெற்றோரையும் நான் கேட்பதில்லை. தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் சேகோ ஆலைக்கும் போகிற வீடுகள்தான் எல்லாமே. அது பிள்ளைகளுக்குத் தெரியும். ஃபைனல் அன்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சேலம் மாவட்டத்துப் பெரிய பெயர்களையும் இப்படித்தான் வீணாக்குகிறோம். பெரியவடகம்பட்டி மாரியப்பன் என்றதும் வறுமைக்கதை ஒன்று ஓடும். 2016 ரியோவில் அவர் தாண்டிய 1.89 மீட்டர் அதில் ஒரு எண்ணாகக்கூட வராது. நான் அந்தத் தாளில் எடுத்துக்கொண்டது சின்னப்பம்பட்டி நடராஜனை. காரணம், எங்கள் பெஞ்ச். கபடியில் பன்னிரண்டு பேர் போகிறோம், ஏழு பேர் ஆடுகிறோம். மீதி ஐந்து பேருக்கும் அந்த வீடியோவில் ஒரு வரி வேண்டும். 2020 கடைசியில் ஆஸ்திரேலியா போன இந்திய அணியில் நடராஜன் பெயர் முதலில் வந்தது வலைப்பயிற்சிக்குப் பந்து போடத்தான். டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் போட்டி, 4ஆம் தேதி அதே ஊரில் டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். தாளில் இது இரண்டே வரி: "பெஞ்சுல உக்காந்திருக்கற அஞ்சு பேரும் ஷூவைக் கழட்டாதீங்க. நம்மூரு நடராஜன் ஆஸ்திரேலியாவுக்கு நெட்டுல பந்து போடப் போனவரு, டெஸ்ட் மேட்ச் ஆடிட்டுத் திரும்புனாரு."

நடுப்பகுதிதான் எனக்கு முக்கியம். சினிமாவில் இது இருக்காது. தகவல் சொல்லும் ஒன்றரை நிமிடம். எங்கள் பிள்ளைகள் வருடம் முழுக்க மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். மாநில ஃபைனல் மேட்டில், ஷூவோடு. மண்ணில் திரும்பும்போது பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும். டச் எடுத்துவிட்டுத் திரும்புகிற ரைடர், காலைத் தூக்காமல் மண்ணில் திரும்புகிற மாதிரியே திரும்பினால் முட்டி ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும். அந்த அரை நொடியில் செயின் வந்து சாத்திவிடும். ஆகவே தாளில்: "முதல் ரெய்டு போறவளுக்குப் பாயிண்ட் வேண்டாம். மேட்டை மிதிச்சுப் பாத்துட்டு வா. காலியாத் திரும்புனாலும் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். ரெண்டாவது ரெய்டுல போனஸ் கோட்டைப் பாரு. எதிர்ல ஆறு பேரு நிக்கறாங்களா எண்ணு. முன்கால் கோட்டைத் தாண்டும்போது பின்கால் தரையில இருக்கக் கூடாது." இதைப் பேசும்போது படத்தில் என் முகம் இல்லை, கோட்டைத் தாண்டும் ஒரு காலும், அந்தரத்தில் நிற்கும் பின்காலும் மட்டும்.

இவ்வளவு வறண்ட சேதியை ஏன் உற்சாகப் பேச்சில் வைக்கிறாய் என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் சூடு பயன்படும். தெரியாத பிள்ளைக்கு அது நடுக்கமாக மாறும். கோபமும் இதே கணக்குத்தான். அமெரிக்க ஆய்வாளர் பாரி ஸ்டாவும் கூட்டாளிகளும் கலிஃபோர்னியாவில் பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்து அணிகளின் இடைவேளைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். 23 அணி, 304 பேச்சு. பயிற்சியாளர் கடிந்து பேசினால் இரண்டாம் பாதி ஆட்டம் மேம்பட்டது. ஆனால் ஒரு அளவு வரைதான். எல்லை மீறிக் கடிந்த இடத்தில் ஆட்டம் சரிந்தது. அங்கே இடைவேளை, கடிய ஒரு முதல் பாதியாவது இருந்தது. ஆட்டமே தொடங்காத பிள்ளைகளைக் கடிய நமக்கு என்ன இருக்கிறது? என் தாள்களில் கோபம் கிடையாது.

கடைசி நிமிடம் இப்படி ஏறும். "கார்னர். அவ கால் வர்ற வரைக்கும் காத்திருங்க. வந்துச்சா? பிடி. கவர், சாத்து. செயின், கை விடாதே. லோனா விழுந்துச்சா? விழட்டும். மறுபடி ஏழு பேரு. மறுபடி முதல்ல இருந்து. பதினஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷம் தண்ணி. மறுபடி பதினஞ்சு. அவ்வளவுதான். எந்திரிங்க. லேசைக் கட்டுங்க. ஓடுங்க!" இசை கிடையாது. "விழட்டும்" என்ற இடத்தில் ஒரு மூச்சு அளவு இடைவெளி விட்டேன். குரல் ஒருமுறை இறங்கி ஏறினால்தான் ஏற்றம் காதுக்குத் தெரிகிறது.

வீடியோவை எப்போது போடுவது என்பதில் மேடத்துக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. முதல் நாள் ராத்திரி கூடவே கூடாது. போட்டால் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். மேட்டுக்குப் போக நாற்பது நிமிடம் இருக்கும்போது, வார்ம்-அப்புக்கு முன்னால், ஒரே ஒரு தடவை. குரூப்பில் முன்கூட்டியே போட்டுவிட்டால் பத்துத் தடவை பார்த்துவிடுவார்கள். அப்புறம் அதில் ஒன்றும் மிஞ்சாது. மேடம் போனுக்கு மட்டும், டாக்குமென்ட்டாக அனுப்புவேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கி மங்கலாக்கிவிடும். மைதானத்தில் சிக்னலை நம்ப முடியாது, அதனால் தங்குமிடத்திலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். பன்னிரண்டு தலை ஒரு போனைச் சுற்றிக் குனிந்தால் பாதிப் பேருக்குப் படம் தெரியாது. ஆகவே ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர். படம் தெரியாதவளுக்கும் குரலிலேயே எல்லாம் கிடைக்கிற மாதிரி எழுத வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தால் எங்கே விளங்கவில்லை என்று தெரிந்துவிடும்.

இப்போது ஒவ்வொரு ஃபைனலுக்கும் இரண்டு வீடியோ அனுப்புகிறேன். ஒன்று முழு நான்கு நிமிடம். இன்னொன்று இரண்டரை நிமிடத்தில், தகவலோடு நின்றுவிடும். கடைசியில் "தண்ணி குடிங்க, மெதுவா நடங்க, மூச்ச நீளமா விடுங்க" என்று குரல் இறங்கும். எதைப் போடுவது என்பது மேடத்தின் முடிவு. பிள்ளைகள் மந்தமாக, பஸ் களைப்போடு உட்கார்ந்திருந்தால் முழுசு. ஜெர்சி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாலோ, தூங்கி எழுந்த பிள்ளை திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டாலோ, யாரும் கேட்காமலே வளவளவென்று பேசினாலோ அது ஏற்கெனவே கொதித்த உடம்பு. அதற்கு மேல் ஏற்றக் கூடாது. கொட்டாவியைச் சோம்பல் என்று நினைத்துக் கத்துகிறவர்கள்தான் அதிகம்.

அந்த ஃபைனலன்று மேடம் போன் செய்தார். "சார், மெயின் ரைடர் கொட்டாவி விட்டுட்டே இருக்காளுங்க. ரெண்டு பேரு மூணாவது தடவை பாத்ரூம் போயிட்டாங்க."

"சின்னதப் போடுங்க மேடம்."

"மத்தவங்க நல்லாத்தான் இருக்காங்க. பெருசையே போட்டுட்டா?"

"அவதானுங்களே முதல் ரெய்டு போறா?"

சின்னதைப் போட்டார். முதல் ரெய்டு காலியாகத் திரும்பியது, சொன்னபடியே. இரண்டாவதில் போனஸ். ஆட்டத்தில் நான்கு பாயிண்டில் தோற்றோம். வீடியோவுக்கும் அந்த நான்குக்கும் நான் முடிச்சுப் போடமாட்டேன், ஜெயித்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். நான் பார்ப்பது முதல் ஐந்து நிமிடத்தை மட்டும்தான்: ரைடர்கள் திரும்பும்போது காலைத் தூக்கினார்களா, கார்னர்கள் கால் வரும்வரை பொறுத்தார்களா. மேடம் எடுத்து அனுப்பிய பதிவில் ரைட் கார்னர் இரண்டு முறை முந்திப் பாய்ந்தது தெரிந்தது. அடுத்த தாளில் கார்னர் வரியை உச்சத்திலிருந்து எடுத்து நடுப்பகுதிக்குக் கொண்டுபோய்விட்டேன். உச்சத்தில் இருந்ததால் சின்ன வீடியோவில் அந்த வரியே வரவில்லை. வந்திருந்தாலும், பொறுமையாக இரு என்பதை உயர்ந்த குரலில் சொன்னால், கேட்கிற கால் பாயத்தான் செய்யும்.