பத்தொன்பது இருபத்தாறான கணக்கு

மண்டூர் முருகன் கோயில் பற்றிய கையேடொன்றைப் புலம்பெயர்ந்த உறவினருக்கு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினேன். கோப்பு 19 மெகாபைட். அனுமதித்த எல்லை 25. ஆயினும் மடல் திரும்பி வந்தது. இணைக்கும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. மூன்று பைட்டுகள் நான்காகின்றன. வரிமுறிவுகளும் சேர, 19 ஏறத்தாழ 26 ஆகிவிட்டது.

அடுத்து, சுருக்கிய சுட்டியொன்றை அனுப்பினேன். இலண்டனிலிருந்து அத்தான் அழைத்தார்: “தம்பி, இது நீ அனுப்பினதுதானா? வைரஸ் எண்டு நினைச்சுத் திறக்கல்ல.”

அவரது ஐயம் நியாயமே; சுருக்கிய முகவரி சேருமிடத்தை மறைக்கிறது.

முடிவில், படங்களைச் சிறிதாக்கி, 1 மெகாபைட் பிரதியை இணைத்தேன். அச்சுக்குரிய பெரிய கோப்பின் முழு முகவரியையும் அளவையும் மடலில் எழுதினேன். அனுப்புமுன், எனது கணக்கிலிருந்து வெளியேறி, அச்சுட்டி பிறருக்கும் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.