சுவர் கேட்கும் படம்

கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி வீடுவீடாகப் போனவை. அவற்றைப் பார்த்தே வளர்ந்த கண் எங்களுக்கு. அதனால்தான் சுவருக்கு மாதிரி வரைந்து தந்தால் அதையும் காலண்டர் போலவே கையில் பிடித்துப் பார்த்துவிடுகிறோம்.

எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவர் 40 அடி நீளம், 8 அடி உயரம், மேற்கு பார்த்தது. மூன்று மாதிரிகள் வந்தன: காமராஜரும் மதிய உணவுப் பிள்ளைகளும், இரவு வானில் வாணவேடிக்கை, பட்டாசுத் தொழிலாளி ஒருத்தி அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொடுவது.

மாதிரியில் ஓர் அங்குலம் சுவரில் ஓர் அடி. பஸ் நிற்கும் இடம் சுவரிலிருந்து 40 அடி. ஆகவே மாதிரியைச் சுவரில் ஒட்டி மூன்றடி நாலு அங்குலம் தள்ளி நின்றால், பஸ்ஸிலிருந்து தெரிவதுதான் தெரியும். அப்படிப் பார்த்ததில் காமராஜர் படத்துப் பிள்ளைகளின் முகங்கள் புள்ளியாகிவிட்டன. அவர் முகம் மட்டும் நின்றது. செம்புத் தகட்டில் கை வைத்தவளை யாரும் சொல்லாமலே அடையாளம் கண்டார்கள்.

வாணவேடிக்கைதான் பலருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதன் உயிரே ஒளிரும் ரோஸிலும் மஞ்சளிலும் இருந்தது. மேற்கு வெயிலில் முதலில் வெளுப்பவை அவைதான். காவியும் மஞ்சள் காவியும் கறுப்பும் அப்படி வெளுக்காது. கருநீலப் பின்னணியில் உப்பு பூத்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று அறிய, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் வரை விட்டோம். அடிச்சுவரில் ஒட்டிய தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தது, மேலே ஒட்டியதில் இல்லை. அடியில் இரண்டடிக்கு எந்த உருவமும் வேண்டாம், வெறும் காவிப் பட்டை போதும் என்று அப்போதே முடிவானது. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

கருத்து என்று பார்த்தால் காமராஜருக்கு இந்த மாவட்டத்தில் மறுப்பு ஏது? ஆனாலும் அவர் சிலையாக, படமாக எங்கும் இருக்கிறார். மருந்து நிரப்பும் பெண்ணின் கை எந்தச் சுவரிலும் இல்லை. உடம்பில் சேரும் மின்சாரம் ஒரு பொறியானால் போதும். அதை இறக்கத்தான் அந்தத் தகடு. வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் மாதிரியை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ பளபளன்னு நைலான் சேலை கட்டிருக்காளே தம்பி, அது ஆகாது. நூல் சேலை போடச் சொல்லுங்க" என்றார்.

நாங்கள் யாரும் கவனிக்காத பிழை அது. ஓவியர் சேலையை மாற்றினார், முகத்தை இன்னும் ஓரடி மேலே ஏற்றினார். சுவருக்கு அந்த மூன்றாவதைத்தான் எடுத்தோம்.