மல்லாட்டை பிடுங்கிய கொல்லையும் ஐப்பசி மழையும்

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே பாலாற்றைத் தாண்டினால் மாமண்டூர் ஏரிக்கரை வந்துவிடும். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில்கள் இருக்கும் குன்றுகளின் அடியில், பல்லவர் காலத்தில் சித்ரமேக தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி அது. அதன் நீர்ப்பிடிப்பில் இருக்கும் மேட்டு நிலங்களில் மானாவாரி மல்லாட்டை போடுவார்கள். மண் பாதுகாப்பு வேலையில் என் காலம் பெரும்பாலும் இப்படிப்பட்ட செம்மண் கொல்லைகளில்தான் கழிந்தது. இங்கே மண் போவது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே யாரும் கவலைப்படுவதில்லை.

மழைத்துளி வெறும் மண்ணில் விழுந்து துகள்களைத் தெறிக்கவிடுவதில் அரிப்பு தொடங்குகிறது. தெறித்த மண்ணை மெல்லிய நீர்ப்படலம் கொல்லை முழுவதிலிருந்தும் சமமாக வழித்துக்கொண்டு போவது பரப்பு அரிப்பு. ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு 7 டன் மண் போனாலும் மேல்மண் அரை மில்லிமீட்டர் அளவுகூடக் குறையாது. அதனால் அடையாளத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். மழை விட்டதும் குனிந்து பாருங்கள். சிறு கூழாங்கற்கள் விரல் கனத்து மண்தூண்களின் தலையில் நிற்கும். கல் மறைத்த மண் தங்கிவிட்டது, சுற்றியிருந்தது போய்விட்டது. தூணின் உயரம்தான் போன மண்ணின் உயரம். ஆண்டுக்காண்டு கொல்லையில் சரளை கூடுகிறது என்று விவசாயி சொன்னால் அதுவும் இதே செய்திதான். நீர் ஒன்றுகூடி விரலளவு வாய்க்கால்களைக் கீறினால் அது சிற்றோடை அரிப்பு. ஓர் உழவில் அது மறைந்துவிடும், தீர்ந்துவிடாது. உழுது மூட முடியாத பள்ளமானால் ஓடை அரிப்பு.

பரப்பு அரிப்பையும் சிற்றோடை அரிப்பையும் கணக்கிட, அமெரிக்காவில் விஷ்மையரும் ஸ்மித்தும் 1965-இல் வெளியிட்டு 1978-இல் திருத்திய சமன்பாடு இன்றும் கைகொடுக்கிறது:

A = R × K × LS × C × P

மழையின் அடிக்கும் வலிமை R, மண்ணின் கரையும் குணம் K, சரிவின் நீளமும் சாய்வும் சேர்ந்து LS, பயிர் மூடாக்கு C, சாகுபடி முறையும் தடுப்பும் P. ஐந்தையும் பெருக்கினால் ஒரு ஹெக்டேரிலிருந்து ஓராண்டில் போகும் மண், டன்னில்.

மாமண்டூர்ப் பக்கத்துக் கொல்லை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சரிவு நூற்றுக்கு இரண்டு, சரிவின் நீளம் 80 மீட்டர், ஆண்டு மழை சுமார் 1,200 மி.மீ. இந்தியாவுக்கென்று வகுத்த சூத்திரப்படி மழையளவை 0.363-ஆல் பெருக்கி 79 கூட்டினால் R ஏறக்குறைய 515. ஐதராபாத் செம்மண்ணில் அளந்து கண்ட K 0.08. நம் செம்மண்ணும் அதே வகை என்பதால் அதையே எடுக்கிறேன். ஊட்டி மண்ணுக்கு இது 0.04, டேராடூன் வண்டல் மண்ணுக்கு 0.15. அமெரிக்க அட்டவணையிலிருந்து K-யை எடுத்து நம் R-உடன் பெருக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு அலகுகள், விடை தவறிவிடும். LS 0.27 வருகிறது. இதுவரை பெருக்கினால் 11 டன். ஆண்டு முழுவதும் வெறுமனே உழுது போட்ட நிலத்தின் இழப்பு இது.

இனி C. கட்டுரையின் உயிர் இந்த எழுத்தில்தான். மல்லாட்டைக்கு என்று ஒரே ஓர் எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுப்பவர்கள் உண்டு. நம் ஊருக்கு அது பொருந்தாது. ஆடியில் விதைத்த பயிர் ஆவணி, புரட்டாசியில் கொடி படர்ந்து மண்ணை நன்றாக மூடுகிறது. பிறகு செடியைப் பிடுங்குகிறோம். கடலையோடு மண்ணையும் கிளறிப் பொலபொலப்பாக்கி, கொடியை மாட்டுக்குத் தீவனமாகக் கொண்டுபோய்விடுகிறோம். அடுத்து வருவது ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையின் முழு அடியும் மூடாத, கிளறிய மண்ணில் விழுகிறது.

எனவே C-யைப் பருவம் பிரித்துக் கணக்கிட வேண்டும். மழை வலிமையில் நூற்றுக்கு 40 பங்கு பயிர் இருக்கும்போதும் 60 பங்கு பிடுங்கிய பிறகும் விழுவதாகக் கொள்கிறேன். பயிர் நின்றபோது மூடாத நிலத்தின் இழப்பில் 0.35 பங்கு, பிடுங்கிய பிறகு 0.8 பங்கு. இவை நான் கையாளும் தோராய மதிப்புகள். இரண்டும் சேர்ந்து C 0.62 ஆகிறது. இழப்பு 6.8 டன். இதில் பெரும்பகுதி அறுவடைக்குப் பிறகு போவது. விவசாயி கொல்லையை மறந்திருக்கும் மாதங்களில்.

மண் பாதுகாப்பு என்றதும் வரப்பு போடுவதுதான் பலர் நினைவுக்கு வருகிறது. 80 மீட்டர் சரிவை நடுவில் வரப்பிட்டு 40 மீட்டராக்கினால் என்ன ஆகும்? இவ்வளவு மெல்லிய சரிவில் நீளத்தின் அடுக்கு 0.3 மட்டுமே. நீளம் பாதியானால் இழப்பு ஐந்தில் ஒரு பங்குதான் குறையும்: 6.8 டன் 5.6 ஆகும். மல்லாட்டை பிடுங்கிய ஈரத்திலேயே கொள்ளு விதைத்தால் பிந்திய பருவத்தின் 0.8, 0.4-க்கு இறங்கும், C 0.38 ஆகும், இழப்பு 4.2 டன். சரிவுக்குக் குறுக்கே உழுது விதைப்பதற்கு P 0.6, அதையும் சேர்த்தால் 2.5 டன். வரப்பையும் சேர்த்தால் 2 டன். கொள்ளுக்கும் குறுக்கு உழவுக்கும் பொக்லைன் வேண்டாம், மானியம் வேண்டாம்.

வரப்பு வீண் என்று சொல்லவில்லை. அது நீரை நிறுத்தி, வரும் மண்ணையும் பிடிக்கிறது. ஆனால் மழை குறைந்த ஊர்களுக்கு ஏற்ற சமமட்ட வரப்பை 1,200 மி.மீ. மழை பெய்யும் இங்கே போட்டால், தேங்கும் நீர் வரப்பைத் தாழ்ந்த இடத்தில் உடைக்கும். உடைந்த வாயிலிருந்து ஓடை பிறக்கும். அதுவரை பரப்பாகப் போன மண் ஒரே வழியில் போகும். இங்கே தேவை மெல்லச் சரிந்து நீரை ஓரத்துக்குக் கொண்டுபோகும் சாய்வு வரப்பு. அந்த ஓரத்தில் நீர் இறங்கப் புல் வளர்ந்த வழி இருக்க வேண்டும். புல் பிடித்த பிறகுதான் வரப்பின் வாயைத் திறந்துவிட வேண்டும். இந்த வரிசை மாறியதால் கெட்ட கொல்லைகளைப் பார்த்திருக்கிறேன்.

சமன்பாட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். அது பல ஆண்டுகளின் சராசரி. 2015 நவம்பர் மழை போன்ற ஒன்று என்ன செய்யும் என்று அது சொல்லாது. ஓடையின் தலைப்பள்ளம் பின்னேறுவதும், வேகவதி ஆற்றின் கரை சரிவதும் அதற்குள் வராது. அவற்றுக்குக் கல் தடுப்பும் வெட்டிவேரும் வேண்டும், ஓடையின் மேல்முனையிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். கொல்லையை விட்டுப் போன மண் எல்லாம் ஏரிக்கு வந்து சேர்வதும் இல்லை. வழியில் வரப்படியிலும் தாழ்வான நிலத்திலும் நிறைய தங்கிவிடும். ஏரிக்கு வருவது நுண்மண். பயிருக்கு உரமாகும் பகுதி அதில்தான் அதிகம். மேட்டில் சரளை மிஞ்சுவதும், ஏரி வண்டலை வண்டியில் ஏற்றிக் கொல்லையில் மீண்டும் கொட்ட நேர்வதும் இதனால்தான்.

மல்லாட்டை போட்டிருப்பவர்கள் பிடுங்கும் நாளுக்கு முன்பே ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு விதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிய மறுநாளே சரிவுக்குக் குறுக்கே உழுது விதைத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அது முளைத்திருக்க வேண்டும்.