"ஆல் ரைட்?" என்றால் என்ன பதில்?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். குக்கர் கொடுத்தனுப்பலாமா, எத்தனை ஸ்வெட்டர் வேண்டும், ஊறுகாயை எப்படிக் கட்டுவது. பொதுச் சமையலறையில் நின்றுகொண்டு என்ன பேசுவது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அங்கே பழகிக்கொள்ள அதிக நாள் பிடித்தது குளிர் அல்ல, இந்தப் பேச்சுதான். அதைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

1981 செப்டம்பர் கடைசியில், ஜவுளித் தொழில்நுட்பம் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போனேன். ஹைட் பார்க் என்ற பகுதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்றில் அறை கிடைத்தது. வீட்டில் நாங்கள் நான்கு பேர். பார்ன்ஸ்லி என்ற ஊரிலிருந்து வந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவன், வேல்ஸ் பையன் ஒருவன், என்னைவிட மூத்த நைஜீரியாக்காரர் ஒருவர், நான். நான்கு படுக்கையறை, ஒரே ஒரு சமையலறை. ஹீட்டர் எரிய மீட்டரில் 50 பென்ஸ் நாணயம் போட வேண்டும். அதனால் குளிர் காலத்தில் எல்லோரும் சமையலறையில்தான் இருப்போம். பேச்சைத் தவிர்க்க வழியே இல்லை.

முதல் வாரம் என்னைக் குழப்பியது ஒரு சின்னக் கேள்வி. காலையில் படியில் இறங்கும்போது பார்ன்ஸ்லிக்காரன் எதிரே வருவான். "ஆல் ரைட்?" என்பான். என் முகத்தில் ஏதோ தெரிகிறது போல, அதனால்தான் நலமா என்று கேட்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் குளியலறைக் கதவைச் சாத்தியிருப்பான். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவது நம் ஊரில் அவமரியாதை. இவர்களுக்கு மனசில் ஈரமே இல்லை என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதலாமா என்றுகூடத் தோன்றியது.

நைஜீரியாக்காரர் எனக்கு இரண்டு வருடம் முன்னதாக வந்தவர். அவர் சொன்னது: "அது கேள்வி இல்லை தம்பி, வணக்கம். நீயும் 'ஆல் ரைட்?' என்று திருப்பிச் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இரு." கேள்விக்குக் கேள்வியே பதில்! மறுநாள் அப்படியே செய்தேன். அவன் தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போனான். கணக்கு நேராகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் இதே வழக்கம் உண்டு. பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் எதிர்வீட்டுக்காரர், "என்ன, கடைக்கா?" என்பார். "ஆமாமா, இப்படித்தான்" என்று ஏதோ சொல்லிவிட்டுப் போவோம். எந்தக் கடை, என்ன வாங்க என்று விவரம் சொல்ல மாட்டோம், அவரும் எதிர்பார்க்க மாட்டார். செய்தி எதுவும் இல்லாமல், உறவை மட்டும் தொட்டுக்கொள்ளும் இப்படிப்பட்ட பேச்சுக்கு மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-லேயே 'ஃபாட்டிக் கம்யூனியன்' என்று பெயர் வைத்துவிட்டார். சொற்கள்தான் ஊருக்கு ஊர் மாறும். வெளியூர்க்காரன் சொல்லின் பொருளைப் பிடித்துக்கொள்கிறான், உள்ளூர்க்காரனுக்கு அந்தப் பொருள் எப்போதோ தேய்ந்து போயிருக்கிறது.

அப்படியானால் அவர்கள் நிஜமாகவே நலம் விசாரிப்பது எப்போது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கிடைத்த அடையாளம் கால்கள். நடந்துகொண்டே கேட்டால் வணக்கம். நின்று, உங்கள் பக்கம் திரும்பிக் கேட்டால் கேள்வி. இரண்டாவது அடையாளம், அதே கேள்வி மறுபடி வருவது. "ஆல் ரைட்" என்று நீங்கள் சொன்ன பிறகும், "நிஜமாகவா?" என்று கேட்டால், அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பதில்களுக்கும் ஒரு அளவுகோல் உண்டு. அது நம் அளவுகோலைவிட மிகச் சிறியது. 'நாட் பேட்' என்றால் மோசமில்லை என்று சொற்பொருள். உண்மையில் நன்றாகவே இருக்கிறேன் என்று அர்த்தம். பார்ன்ஸ்லிக்காரன் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய அன்றும் 'நாட் பேட்'தான். 'கான்ட் கம்ப்ளெய்ன்' என்றால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் ஒருவன் 'நாட் ஸோ குட்' என்று சொல்லிவிட்டால், அது நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்து தலையில் கை வைப்பதற்குச் சமம்.

அடுத்தது டீ. அந்த வீட்டில் கெட்டிலில் தண்ணீர் வைக்கிறவன் தனக்கு மட்டும் வைக்கக் கூடாது. "யாருக்காவது ப்ரூ வேணுமா?" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்க வேண்டும். வட இங்கிலாந்தில் டீக்கு ப்ரூ என்றே சொல்வார்கள். வேண்டும் என்றால் உடனே வேண்டும் என்று சொல்லி, பால் எவ்வளவு, சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த முறை கெட்டிலை நீங்கள் வைக்க வேண்டும். முறையை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எல்லோர் மனசிலும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். குடித்துக்கொண்டே இருந்து ஒருநாளும் கெட்டிலைத் தொடாதவனைப் பற்றி அவன் இல்லாதபோது பேசுவார்கள்.

இதில் நம்மவர்களுக்கு உள்ள சிக்கல், 'வேண்டாம்' என்ற சொல். நம் வீடுகளில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. "அட, கொஞ்சமாவது குடிங்க" என்று இரண்டாம் முறை வரும், மூன்றாம் முறை டம்ளரே வந்துவிடும். அங்கே முதல் 'நோ தேங்க்ஸ்' தான் கடைசி. அதற்கு மேல் வற்புறுத்தினால், எதிராளி சொன்னதை நம்பவில்லை என்று ஆகிவிடும். பக்கத்துத் தெருவில் தங்கியிருந்த கும்பகோணத்து நண்பர் ஒருவர் இப்படி வேண்டாம், வேண்டாம் என்றே ஒரு மாதம் டீ குடிக்காமல் இருந்தார். "ஒருத்தன்கூட உபசரிக்கவில்லை" என்று அவர் வருத்தப்பட, "அவருக்கு டீ பிடிக்காது போல" என்று அந்த வீட்டுக்காரர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். யார்க்‌ஷயரில் சாதாரணக் குடும்பங்களில் 'டீ' என்றால் மாலைச் சாப்பாடு. மதியச் சாப்பாடுதான் 'டின்னர்'. "ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு டீக்கு வா" என்று யாராவது அழைத்தால், வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி அந்த டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே டிசம்பரில் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஒருநாள் அப்பாவின் நீலநிற ஏரோகிராம் வந்திருந்தது. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தால் பத்து நாளுக்கு முந்தைய கடிதம். ஆபரேஷன் முடிந்திருக்கும். எப்படி முடிந்தது என்று தெரியாது. எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

பார்ன்ஸ்லிக்காரன் உள்ளே வந்தான். வழக்கம்போல் "ஆல் ரைட்?" என்று சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்தான். நான், "நாட் ஸோ குட்" என்றேன்.

அவன் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தான். என்ன ஆச்சு, யாருக்கு என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "கெட்டில் வைக்கிறேன்" என்றான். எனக்கு வேண்டுமா என்றும் கேட்கவில்லை. அந்த ஒருநாள்தான் கேட்காமல் வைத்தான். டீயை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து நானே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, தன் அப்பாவுக்குச் சுரங்கத்தில் கால் முறிந்தபோது எத்தனை வாரத்தில் நடந்தார் என்பதை மட்டும் சொன்னான். அப்புறம், மேஜையில் கிடந்த பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் போட ஆரம்பித்தான். எழுந்து போகவே இல்லை.

நம் ஊராக இருந்தால் பத்துப் பேர் கூடி, பத்து விதமாக விசாரித்து, தைரியம் சொல்லியிருப்பார்கள். அவனுக்குத் தெரிந்த முறை, கேட்காமல் கூடவே இருப்பது. அந்த வாரம் பாத்திரம் கழுவும் முறை என்னுடையது. ஒருநாள்கூட அழுக்குப் பாத்திரம் எனக்காகக் காத்திருக்கவில்லை. யார் கழுவினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பதில் தந்தி வந்தது: அம்மா நலம். பார்ன்ஸ்லிக்காரனிடம் காட்டினேன். "நாட் பேட், தட்" என்றான். அதற்கு எவ்வளவு சந்தோஷம் என்று பொருள் என்பது எனக்குப் புரியும் காலம் வந்துவிட்டிருந்தது.

அவர்களும் எங்கள் பேச்சுக்குப் பழக வேண்டியிருந்தது. "சாப்பிட்டாயா?" என்று பார்த்தவுடன் கேட்பது என் வழக்கம். வேல்ஸ் பையன் அதைச் சாப்பாட்டுக்கு அழைப்பு என்று எடுத்துக்கொண்டு, "இல்லை, என்ன சமைக்கிறாய்?" என்று தட்டோடு வந்துவிடுவான். அது எங்கள் 'ஆல் ரைட்' என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டான். ஆனாலும் தட்டோடு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் ஒரு பிடி அரிசி கூடப் போட ஆரம்பித்தேன்.

இப்போது போகிறவர்களுக்கு அங்கே வேறு சொற்கள் காதில் விழலாம். ஊருக்கு ஊரும் மாறும். நான் சொன்னது வட இங்கிலாந்தின் ஒரு வீட்டுக் கதை. பிள்ளைகளிடம் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: யாராவது நலமா என்று கேட்டால் முதலில் அவர் நிற்கிறாரா நடக்கிறாரா என்று பார்க்கட்டும். டீ வேண்டுமானால் முதல் தடவையே வேண்டும் என்று சொல்லட்டும். அடுத்த கெட்டிலை அவர்களே வைக்கட்டும்.