18 விநாடி எங்கிருந்து வந்தது?

நினைவு பற்றிய பாடத்தைப் படித்து அட்டை எழுத உட்காருகிறவர்களுக்கு அந்த மூன்று பெட்டிப் படத்தைவிட வசதியான பக்கம் கிடையாது. இடது ஓரத்தில் புலன் நினைவு, நடுவில் குறுகியகால நினைவு, வலது ஓரத்தில் நீண்டகால நினைவு, இடையில் அம்புக்குறிகள். ஒவ்வொரு பெட்டிக்குக் கீழும் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று எண்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் எண். மாலைக்குள் பாடமே முடிந்துவிடும் போலத் தோன்றும்.

தொலைதூரக் கல்வியில் உளவியல் படிப்பவள் நான். பாடநூல் ஆங்கிலத்தில், என் தலைக்குள் ஓடுவது தமிழில். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தமிழ் அட்டைகளாகச் சுருக்கிக்கொள்வது என் வழக்கம். அப்படி எழுதிய ஓர் அட்டை இது. முன்பக்கம்: ‘திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்காவிட்டால் குறுகியகால நினைவு எவ்வளவு நேரம் நிற்கும்?’ பின்பக்கம்: ‘18 முதல் 30 விநாடி.’

30 சரி, அது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன எண் என்று விட்டுவிடலாம். 18 என்பது குத்துமதிப்பு எண் அல்ல. யாரோ கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்திருக்க வேண்டும். என்ன அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று பாடநூலில் ஒரு வரிகூட இல்லை. அட்டையைத் தினமும் புரட்டி ‘18 முதல் 30’ என்று சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ‘அது எப்படித் தெரியும்?’ என்று ஒருவர் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. எண்ணை மட்டும் விடையாக வைத்த அட்டையின் தொல்லையே அதுதான். பதில் சரியாக வருவதால் புரிந்துவிட்டது என்ற நினைப்பை அது கொடுத்துவிடும்.

தேடலை மூன்று பெட்டிப் படத்திலிருந்தே தொடங்கினேன். அது ரிச்சர்ட் அட்கின்சனும் ரிச்சர்ட் ஷிஃப்ரினும் 1968இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையிலிருந்து வருவது. ஒரு தொகுப்பு நூலில் நூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. பாடநூல் படத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் போனால் முதலில் உறைப்பது, அவர்களுக்குப் பெட்டிகளைவிடப் பெட்டிகளுக்கிடையே ஆள் செய்கிற வேலைகள் மீதுதான் அக்கறை என்பது. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைப்பது, தேடி எடுக்கும் வழியைத் தேர்வது, இவற்றையெல்லாம் அவர்கள் கட்டுப்பாட்டுச் செயல்கள் என்கிறார்கள். பெட்டிகள் மாறாதவை, இந்தச் செயல்கள் ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறுபவை. அப்படிச் சொல்லிப் பார்க்காமல் விட்டால் நடுப்பெட்டியில் இருப்பது சுமார் 30 விநாடிக்குள் மறைந்துவிடும் என்று எழுதுகிறார்கள். பின்பக்கத்து 30 இங்கே கிடைத்துவிட்டது. 18க்கு இன்னும் பின்னால் போக வேண்டியிருந்தது.

அது 1959இல் கிடைத்தது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாய்ட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் என்ற இருவர் 24 மாணவர்களை வைத்துச் செய்த சோதனை. இங்கிலாந்தில் ஜான் பிரவுன் முந்தைய ஆண்டே ஏறக்குறைய இதே யோசனையைச் சோதித்திருந்ததால் இந்த முறையை இரு தரப்பின் பெயராலும் பிரவுன்–பீட்டர்சன் முறை என்கிறார்கள்.

சோதனை எளிமையானது. பொருள் தராத மூன்று மெய்யெழுத்துகளைச் சோதனையாளர் உரக்கச் சொல்வார். உடனே ஒரு மூன்றிலக்க எண்ணையும் சொல்வார், உதாரணமாக 506. மாணவர் அந்த எண்ணிலிருந்து மூன்று மூன்றாக (சில முறை நான்கு நான்காக) பின்னோக்கி எண்ண வேண்டும். 503, 500, 497 என்று, தாளக்கருவியின் தட்டலுக்கு ஈடுகொடுத்து. நோக்கம் ஒன்றுதான்: எழுத்துகளை மனதுக்குள் சொல்லிப் பார்க்க இடமே கொடுக்கக் கூடாது. விளக்கு எரிந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு எழுத்துகளைச் சொல்ல வேண்டும். இடைவெளி 3, 6, 9, 12, 15, 18 விநாடிகளில் ஒன்று. ஒவ்வோர் இடைவெளிக்கும் எட்டு முறை என ஒருவருக்கு மொத்தம் 48 முறை.

3 விநாடியில் பெரும்பாலும் நினைவிருந்தது. இடைவெளி கூடக் கூடச் சரிந்து, 18 விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. மேலிருந்து கீழே வழியும் அந்த வளைவுதான் பாடநூல்களில் இன்றுவரை அச்சாகிறது.

அந்த இடைவெளிப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். கடைசி எண் 18. அதற்கு மேல் அவர்கள் அளக்கவே இல்லை. குறுகியகால நினைவு 18ஆவது விநாடியில் அணைகிறது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. மும்மூன்றாகக் கூட்டிக்கொண்டே போன வரிசை அங்கே நின்றது, அவ்வளவுதான். 21 வரை அளந்திருந்தால் என் அட்டையில் 21 என்று இருந்திருக்கும். ஒரு சோதனையின் திட்ட அளவு மனித மனத்தின் இயல்பாக மாறி அச்சேறியிருக்கிறது என்பது என் கணிப்பு.

இதோடு விட்டிருந்தால் 18ஐ அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். 1962இல் ஜெஃப்ரி கெப்பலும் பென்டன் அண்டர்வுட்டும் இதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். ஒவ்வொரு மாணவரும் 48 முறை செய்திருக்கிறார். நாற்பதாவது முறை ஒருவர் மறந்தார் என்றால், நேரம் ஓடியதால் மறந்தாரா, அதற்கு முன் கேட்ட முப்பத்தொன்பது எழுத்துக் கூட்டங்கள் தலைக்குள் நெருக்கியதால் மறந்தாரா? இதைப் பிரித்துப் பார்க்க முதல் முறையை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். ஆனால் முதல் முறை என்பது ஓர் ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்க்கும். அதனால் 24 பேர் போதாது. நிறையப் பேரைச் சேர்த்து, ஆளுக்குச் சில முறை மட்டும் சோதித்தார்கள்.

முதல் முறையில் 3 விநாடிக்கும் 18 விநாடிக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஏறக்குறைய எல்லாரும் 18 விநாடி கழித்தும் எழுத்துகளைச் சரியாகச் சொன்னார்கள். இரண்டாவது, மூன்றாவது முறைகளில்தான் 18 விநாடிக்காரர்கள் சரியத் தொடங்கினார்கள். முன்பு படித்தது பின்பு படித்ததை எடுக்கவிடாமல் மறிக்கிறது. முன்னோக்கிய குறுக்கீடு என்பது இதுதான். 48 முறைகளைச் சராசரியாக்கிய வளைவில் அந்த முதல் முறை கரைந்துபோயிருந்தது.

அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். கைபேசியில் தாளக்கருவிச் செயலி ஒன்றை ஓடவிட்டு அவளிடம் செய்து பார்த்தேன். ‘ழ, த, ண, 506’ என்றேன். தமிழில் எண்ணத் தொடங்கியவள் ‘நானூத்தித் தொண்ணூத்தேழு’ என்று முடிப்பதற்குள் இரண்டு தட்டல் தாண்டிவிட்டதால் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டாள். 18 விநாடி ஆனதும் கையைக் காட்டினேன். ‘ழ, த, ண’ என்று தயங்காமல் சொன்னாள். இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் ஒரு பார்வை வேறு. அடுத்தடுத்த சுற்றுகளில் வேகம் குறைந்தது. ஐந்தாவது சுற்று வாக்கில் ‘ப, ழ...’ என்று இழுத்துவிட்டு, ‘இல்ல சித்தி, ழ மொதல்ல சொன்னதுல வந்தது. இப்ப சொன்னது வரமாட்டேங்குது’ என்றாள்.

ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவள் தவறிய விதம் கவனிக்கத்தக்கது. எழுத்துகள் மங்கிப்போயிருந்தால் அவள் வாயில் ஒன்றும் வந்திருக்கக் கூடாது. வந்தது, பழைய சுற்றின் எழுத்து. எது எந்தச் சுற்றுக்கு உரியது என்று பிரிப்பதில்தான் சிக்கல். அடுத்த சுற்றில் எழுத்துகளுக்குப் பதிலாக மூன்று பூக்களின் பெயரைச் சொன்னேன். 18 விநாடி கழித்து மூன்றையும் அப்படியே சொன்னாள். டெலோஸ் விக்கன்ஸ் என்பவர் 1960களில் தம் குழுவோடு காட்டியது இதைத்தான்: கொடுக்கும் பொருளின் வகையை மாற்றினால் நினைவு மீண்டும் நிமிர்ந்துகொள்கிறது. நேரம் மட்டுமே மறதிக்குக் காரணம் என்றால், அதே 18 விநாடியில் இப்படி நடக்க வழியில்லை.

அதற்காக, நேரத்துக்குப் பங்கே இல்லை என்று அட்டையில் எழுதிவிடவும் முடியாது. முதல் முறையை மட்டும் வைத்து ஆலன் பேட்லியும் டெனிஸ் ஸ்காட்டும் 1971இல் திரும்பச் செய்து பார்த்தபோது சிறிதளவு மறதி தெரிந்தது. ஆனால் அது முதல் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிட்டது, அதன்பின் சரியவில்லை. மங்குவதா மறிப்பதா என்ற வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இப்போது அட்டைக்கு வருகிறேன். பழைய ஒன்று நான்காகப் பிரிந்தது. முதல் அட்டையின் முன்பக்கம்: ‘பீட்டர்சன் சோதனையில் பின்னோக்கி எண்ண வைத்தது ஏன்?’ பின்பக்கம்: ‘மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதைத் தடுக்க.’ இரண்டாவது: ‘அந்தச் சோதனையில் 18 விநாடி என்பது என்ன?’ விடை: ‘அளந்த இடைவெளிகளில் கடைசி.’ மூன்றாவது: ‘முதல் முறையை மட்டும் பார்த்தால் 18 விநாடியில் என்ன ஆகிறது?’ விடை: ‘ஏறக்குறைய மறதி இல்லை. கெப்பல், அண்டர்வுட், 1962.’ நான்காவது: ‘பொருளின் வகையை மாற்றினால் நினைவு மீள்வது எதைக் காட்டுகிறது?’ விடை: ‘மறதியில் குறுக்கீட்டுக்குப் பங்கு உண்டு.’ ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சில் சொல்லக்கூடிய விடை. எதிலும் எண்ணை மட்டும் ஒப்பித்துத் தப்ப முடியாது.

இங்கே ஒரு வேடிக்கை. அதே கட்டில் கிளான்சர், கியூனிட்ஸ் 1966 அட்டையும் இருந்தது. சொற்பட்டியல் ஒன்றைக் கேட்டவர்களை 30 விநாடி எண்ண வைத்தால் பட்டியலின் கடைசிச் சொற்களுக்கு இருந்த சாதகம் போய்விடுகிறது என்பது அவர்கள் கண்டது. அதிலும் எண்ணுவது உண்டு, விநாடி உண்டு, எண்ணும் உண்டு. ஒரே அமர்வில் புரட்டும்போது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். பீட்டர்சன் கேள்விக்கு 30 என்பேன், கிளான்சருக்கு 18 என்பேன். பாடத்தில் படித்த குறுக்கீடு என் அட்டைக் கட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. இதற்கு மேலும் மேலும் புரட்டுவது மருந்தல்ல. கேள்விகளை ஒன்றுபோல் இல்லாமல் ஆக்க வேண்டும். ஒன்றின் முன்பக்கத்தில் ‘மூன்று எழுத்து’ என்றும் மற்றதில் ‘சொற்பட்டியலின் வால்’ என்றும் முதல் சொல்லாக வைத்தேன். பீட்டர்சன் அட்டையின் ஓரத்தில் சரியும் வளைவு, கிளான்சர் அட்டையில் வால் வெட்டுப்பட்ட வளைவு. இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் வேறு அத்தியாயத்து அட்டைகளைச் செருகினேன். குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது.

பழைய அட்டையைக் கிழிக்கலாம் என்றுதான் இருந்தேன். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக அது வரும், விடையாக எதிர்பார்ப்பது 18 முதல் 30 விநாடிதான். அதனால் கேள்வியை மட்டும் திருத்திக்கொண்டேன்: ‘குறுகியகால நினைவுக்குப் பாடநூல் தரும் கால அளவு என்ன? அதில் சிறிய எண் எந்தச் சோதனையின் எல்லை?’